கேரியர் என்று எழுதப்பட்ட பையன்: கூடலூர்ப் பகுதியில் ஒரு சிக்கில்–தலசீமியா நிகழ்வு ஆய்வு

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான சிக்கில் செல், இந்தியாவில் முதன்முதலில் பதிவானது நீலகிரியில்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டு எழுதினார்கள். அதனாலேயோ என்னவோ, கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை செய்கிற யாருக்கும் இந்த நோயின் பெயர் புதிதல்ல. பணியர், இருளர், குறும்பர் ஊர்களில் முகாம் போட்டு ரத்தம் எடுப்பதும் பல காலமாக நடக்கிறது. பெயர் பழகிய இடத்தில் எந்த மாதிரித் தவறு நடக்கிறது என்பதைக் காட்டும் நிகழ்வு இது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வருவது ஒரே ஒரு குடும்பத்தின் கதை இல்லை. சில குடும்பங்களில் பார்த்ததை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வயது, எடை, ஆய்வக எண்கள் எல்லாம் அதற்கேற்ப அமைத்தவை. மருந்து அளவுகள் இந்தப் பையனின் எடைக்கு, மருத்துவமனையில் கண்காணிப்போடு கொடுப்பதற்கானவை. வீட்டில் அப்படியே எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

வந்த அன்று

ஜூலை மாதம், அடைமழை. பதினைந்து வயதுப் பையன், எடை 38 கிலோ. முந்தின நாள் பள்ளியிலிருந்து மழையில் நனைந்தபடியே நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறான். ராத்திரி இரண்டு தொடையிலும் இடுப்பிலும் வலி ஆரம்பித்தது. காலையில் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டைக்ளோஃபினாக் ஊசி போட்டு, இரண்டு பாட்டில் டிரிப்ஸை வேகமாக ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரு மணி நேரம் வலி குறைந்தது, அப்புறம் முன்பைவிட அதிகமாயிற்று. மாலை நாலு மணிக்கு ஜீப்பில் எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

பையன் அழவில்லை, கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தான். சின்ன வயதிலிருந்தே இந்த வலியோடு வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்படித்தான் இருப்பார்கள். அசைந்தால் வலி கூடும் என்று அவர்களுக்குத் தெரியும். இதைப் பார்த்துவிட்டு "அவ்வளவு வலி இல்லை போல" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. பூஜ்யம் முதல் பத்து வரை எண் சொல்லச் சொன்னோம். ஒன்பது என்றான். இந்த நோயில் வலியை அளக்க ரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ கிடையாது. அவன் சொல்கிற எண்தான் அளவு.

நாடித்துடிப்பு 112, காய்ச்சல் லேசாக, 37.8 டிகிரி செல்சியஸ். மூச்சு நிமிடத்துக்கு 22. விரலில் வைத்துப் பார்த்த ஆக்சிஜன் 96 சதவீதம். நெஞ்சில் கோளாறான சத்தம் எதுவும் இல்லை. மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் கைக்குத் தட்டுப்பட்டது. உதடு காய்ந்திருந்தது.

அவனுடைய அம்மா பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்த முகாம் சீட்டை நீட்டினார். அதில் "சிக்கில் டெஸ்ட்: பாசிட்டிவ், கேரியர்" என்று இருந்தது.

"சார், கேரியருக்கு ஒண்ணும் செய்யாதுன்னுதானே சொன்னாங்க? அப்புறம் இவனுக்கு ஏன் வருஷா வருஷம் மழைக்காலத்துல இப்படி ஆவுது? வாதக் காய்ச்சல்னு சொல்லி எத்தனையோ ஊசி போட்டாச்சு."

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கேரியர், அதாவது சிக்கில் மரபணு ஒன்றே ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு, இந்த மாதிரி வலி வருடா வருடம் வராது. அப்படியானால் சீட்டில் இருப்பது தவறாக இருக்க வேண்டும். ஆனால் அதை ஆராய்வது அடுத்த வேலை, முதல் வேலை வலி.

முதல் ஒரு மணி நேரம்

சிக்கில் நோயாளி கடும் வலியோடு வந்தால், வந்த அரை மணி நேரத்துக்குள் முதல் வலி மருந்து உடம்பில் ஏறியிருக்க வேண்டும். ரத்த அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது. கையில் ஊசி குத்தி வழி ஏற்படுத்தும்போதே பரிசோதனைக்கான ரத்தத்தையும் எடுத்துவிட்டோம். அதில் ஒரு குழாயை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனைக்கென்று தனியாக ஒதுக்கி வைத்தோம். இதைப் பின்னால் சொல்கிறேன்.

மார்ஃபின், கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கணக்கில் கிட்டத்தட்ட 4 மி.கி., ஐந்து நிமிடம் எடுத்து மெதுவாக நரம்பில் செலுத்தினோம். கூடவே பாராசிட்டமால் மாத்திரை 500 மி.கி. முப்பது நிமிடம் கழித்து மறுபடி கேட்டதில் எண் ஏழு. இன்னொரு 2 மி.கி. மார்ஃபின். அடுத்த அரை மணியில் ஐந்து. மறுபடி 2 மி.கி. ஆறு மணிக்குள் நாலுக்கு இறங்கியது, பையன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். அதற்கப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்ஃபின் மாத்திரை 10 மி.கி., நேரம் பார்த்து. வலி திரும்பி வந்த பிறகு கொடுப்பது என்று வைத்தால், ஒவ்வொரு தடவையும் ஒன்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

இந்த மாதிரி மருந்துக்கு எங்கள் பக்கத்திலேயே தயக்கம் அதிகம். பையன் அடிமையாகிவிடுவான், மூச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். கடும் வலிக்கு, எடைக்கேற்ற அளவில், சில நாள் மட்டும் கொடுக்கும்போது அடிமையாகும் வாய்ப்பு குறைவு. மூச்சு பற்றிய பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் அதற்கு மருந்தை மறுப்பது தீர்வாகாது, பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் தீர்வு. செவிலியர் மூச்சை எண்ணினார், அதோடு பையனைக் கூப்பிட்டுப் பார்த்தார். கூப்பிட்டதும் விழித்துப் பேசுகிறானா, பேச்சின் நடுவிலேயே தூங்கி விழுகிறானா என்பது மூச்சு குறைவதற்கு முன்பே தெரியும் அடையாளம். மார்ஃபினின் விளைவை முறிக்கும் நாலாக்ஸோன் தட்டில் தயாராக இருந்தது, தேவைப்படவில்லை. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் முதல் நாளிலிருந்தே லாக்டுலோஸ் கொடுத்தோம்.

2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை மார்ஃபின் வைத்துக்கொள்வது முன்பைவிட எளிது. ஆனாலும் பல சின்ன மருத்துவமனைகளில் இல்லை. அங்கே டிராமடாலை வைத்துச் சமாளிக்கிறார்கள். அது இல்லாததற்கு மேல்தான். பெத்திடினை மட்டும் தொடவே வேண்டாம். அது உடைந்து உண்டாகும் பொருள் உடம்பில் தங்கி வலிப்பை வரவழைக்கும், இந்த நோயில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டி வருவதால் அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மருந்துகள் நன்றாக உதவும். ஆனால் சிக்கில் நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபடும் உறுப்பு. நீர் வற்றிய உடம்பில் இந்த மருந்து அதை மேலும் கெடுக்கும். காலையிலேயே ஒரு ஊசி போட்டாகிவிட்டது. அதனால் கிரியாட்டினின் அறிக்கை சரியாக வந்து, சிறுநீரும் நன்றாகப் போன பிறகு, மறுநாள்தான் ஐபுபுரூஃபன் ஆரம்பித்தோம்.

துணியில் சுற்றிய வெந்நீர்ப் பை தொடைக்கு நல்ல இதம் கொடுத்தது. உறவினர் ஒருவர் அடிபட்ட வலிக்கு வைப்பதுபோல ஐஸ் வைக்கலாமா என்று கேட்டார். கூடாது. குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கும், அடைப்பு கூடும்.

தண்ணீர், எவ்வளவு?

சிக்கில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி நீள நாராகச் சேரும். அந்த நார்தான் சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கிறது. அணுவுக்குள் நீர் குறைந்து ஹீமோகுளோபின் நெருக்கமானால் ஒட்டுவது மிக வேகமாகும். அதனால்தான் நீர் வற்றவிடக் கூடாது என்கிறோம். இங்கிருந்து "எவ்வளவு ஏற்றினாலும் நல்லது" என்று பலர் தாவிவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

பையனின் ஒரு நாள் தேவையை வழக்கமான முறையில் கணக்கிடலாம். முதல் பத்து கிலோவுக்கு 1,000 மில்லி, அடுத்த பத்துக்கு 500, மீதி 18 கிலோவுக்குக் கிலோவுக்கு 20 வீதம் 360. ஆக 1,860 மில்லி. குடிப்பது, டிரிப்ஸில் போவது இரண்டும் சேர்ந்த மொத்தக் கணக்கு இது. காய்ச்சல், வாந்தி இருந்தால் கொஞ்சம் கூட்டலாம், ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. அவனுக்கு வாந்தி இல்லை, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. அதனால் வேகமாக ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. வாயால் 900 மில்லி என்று முடிவு செய்து கஞ்சி, ஓ.ஆர்.எஸ்., கட்டன் சாயா, வெந்நீர் எல்லாவற்றையும் அம்மாவே டம்ளர் கணக்கில் எழுதினார். மீதி மணிக்கு 40 மில்லி டிரிப்ஸ். சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 13 சொட்டு. மறுநாள் மதியம் அவன் நன்றாகக் குடிக்க ஆரம்பித்ததும் டிரிப்ஸைப் பாதியாகக் குறைத்தோம்.

காலையில் வேகமாக ஏறிய இரண்டு பாட்டில் என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதிகமாக ஏறிய நீர் நுரையீரலில் தேங்கும். வலியால் ஆழ்ந்து மூச்சு விட முடியாத பையனுக்கு அது மோசமான கூட்டு.

இன்னொன்று, வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது. சிறுநீர் வெளுப்பாகப் போனால் உடம்பில் நீர் போதும் என்று பொதுவாகச் சொல்வோம். சிக்கில் நோயில் இது செல்லாது. சிறுநீரகத்துக்குச் சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் சின்ன வயதிலேயே போய்விடும். நா வறண்டு கிடக்கும்போதும் சிறுநீர் வெளுப்பாகவே போகும். பையன் பதினோரு வயது வரை படுக்கையில் சிறுநீர் கழித்ததற்கும், அதற்காக அடி வாங்கியதற்கும் இதுதான் காரணம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

மூன்றாம் நாள்

வலிக்காகச் சேர்ந்த சிக்கில் நோயாளிக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் நெஞ்சுக் கோளாறு வருவது நன்கு தெரிந்த ஒன்று. எலும்பு மஜ்ஜை அழிந்து கொழுப்புத் துகள் நுரையீரலுக்குப் போவது, கிருமித் தொற்று, வலியால் மேலோட்டமாக மூச்சு விடுவது, அதிக நீர், இவற்றில் ஏதோ ஒன்றோ எல்லாமோ சேர்ந்து வரும். இந்த நோயில் உயிர் போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது.

இதைத் தடுக்கத்தான் முதல் நாளிலிருந்தே பந்து ஏறும் மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்து, விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து மூச்சு இழுக்கச் சொன்னோம். அப்படியும் மூன்றாம் நாள் விடிகாலையில் காய்ச்சல் 38.6, மூச்சு 30, ஆக்சிஜன் 91. வலது விலாவில் குத்துகிறது என்றான். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் முதல் நாள் படத்தில் இல்லாத வெள்ளைத் திட்டு. ஹீமோகுளோபின் 8.2இலிருந்து 6.6க்கு இறங்கியிருந்தது.

டிரிப்ஸை உடனே நிறுத்தினோம். ஆக்சிஜன் வைத்தோம். செஃப்ட்ரியாக்ஸோனும் அசித்ரோமைசினும் ஆரம்பித்தோம். வலி மருந்தைக் குறைக்கவில்லை. விலா வலித்தால் மூச்சு இன்னும் மேலோட்டமாகும். ஆனால் அதிகத் தூக்கமும் மூச்சைக் குறைக்கும் என்பதால் மணிக்கு ஒரு தடவை பார்த்தோம். பொருத்தம் பார்த்த ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினோம்.

வெறும் வலிக்கு ரத்தம் ஏற்றக் கூடாது, வலி அதனால் தீராது. நெஞ்சுக் கோளாறு வந்து ஹீமோகுளோபினும் இறங்கியதால்தான் இப்போது ஏற்றினோம். அப்போதும் ஏற்றிய பிறகு 10ஐத் தாண்டக் கூடாது. அரிவாள் அணுக்கள் இருக்கும் ரத்தம் கெட்டியானால் ஓட்டம் இன்னும் மந்தமாகும்.

அன்று காலை எங்களுக்கிருந்த பெரிய கேள்வி ஊட்டிக்கு அனுப்புவதா என்பது. கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். ஆக்சிஜன் 91 இருக்கும் சிக்கில் பையனை, காற்றில் ஆக்சிஜன் இன்னும் குறைந்த, குளிர் அதிகமான இடத்துக்கு, மலைப்பாதையில் ஏற்றிப் போக வேண்டும். அனுப்ப வேண்டிய நிலை வந்தால் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் 108 வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா, கம்பளி இருக்கிறதா, வழியில் கொடுக்க வலி மருந்து கையில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஆக்சிஜன் வைத்தும் 92ஐ எட்டவில்லை என்றால், அல்லது எக்ஸ்ரே திட்டு பரவினால், ரத்தத்தை மாற்றி ஏற்றும் சிகிச்சைக்காக அனுப்புவது என்று எல்லையை எழுதி வைத்துக்கொண்டோம். மதியம் ஆக்சிஜன் 95க்கு வந்தது. ஐந்தாம் நாள் ஆக்சிஜன் இல்லாமலேயே 96 இருந்தது. அனுப்ப நேரவில்லை.

சீட்டில் இருந்த தவறு

முகாமில் செய்தது சொல்யூபிலிட்டி டெஸ்ட். ஒரு சோதனைக் குழாயில் ரத்தத்தைக் கலந்து, கரைசல் கலங்குகிறதா என்று பார்ப்பார்கள். கலங்கினால் சிக்கில் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. கேரியருக்கும் கலங்கும், நோயாளிக்கும் கலங்கும். பையனுக்குக் கலங்கியது, அப்பாவுக்குக் கலங்கியது, அம்மாவுக்குக் கலங்கவில்லை. நோய் வர இரண்டு பக்கமும் சிக்கில் வேண்டும், அம்மாவிடம் இல்லை, ஆகவே பையன் கேரியர்தான் என்று யாரோ கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். நோய் வர இன்னொரு வழி இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போயிற்று.

முதல் நாள் எடுத்துவைத்த ரத்தத்தின் எச்.பி.எல்.சி. அறிக்கை நாலாம் நாள் வந்தது. சிக்கில் ஹீமோகுளோபினான எஸ் 77 சதவீதம், கருவில் இருக்கும்போது அதிகமாக இருக்கும் வகையான எஃப் 14, ஏ2 5, சாதாரண ஏ வெறும் 4. கேரியர் ஒருவரிடம் எப்போதும் ஏ அதிகமாகவும் எஸ் குறைவாகவும் இருக்கும். இங்கே தலைகீழ். ரத்தம் ஏற்றிய பிறகு இந்தச் சோதனையைச் செய்திருந்தால், ரத்தம் கொடுத்தவரின் ஏ கலந்து, மூன்று மாதம் வரை எதையும் நம்ப முடியாமல் போயிருக்கும். அதனால்தான் முதல் ஊசியிலேயே அந்தக் குழாயை ஒதுக்கினோம்.

இன்னும் இரண்டு துப்பு ஏற்கெனவே கையில் இருந்தன. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 66 ஃபெம்டோலிட்டர்தான். இரண்டு பக்கமும் சிக்கில் மரபணு இருப்பவரின் அணு பொதுவாக இவ்வளவு சிறுத்திருக்காது. அதோடு பதினைந்து வயதில் மண்ணீரல் இன்னும் கைக்குத் தட்டுப்பட்டது. இரண்டும், ஹீமோகுளோபினைப் போதுமான அளவு தயாரிக்க முடியாத பரம்பரைக் கோளாறான தலசீமியாவின் பக்கம் கைகாட்டின. உறுதி செய்ய பெற்றோர் இருவரின் ரத்தமும் வேண்டும்.

அப்பா சிக்கில் கேரியர், அது தெரிந்ததே. அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 10.6, அணுவின் பருமன் 64, ஆனால் அணுக்களின் எண்ணிக்கை 54 லட்சம். இரும்புச்சத்துக் குறைவில் அணு சிறுத்தால் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். இங்கே எண்ணிக்கை கூடியிருந்தது. ஃபெரிட்டின் சரியாக இருந்தது. தலசீமியா கேரியரிடம் கூடும் ஏ2 5.4 சதவீதம். அம்மா பீட்டா தலசீமியா கேரியர். இரண்டு பிரசவத்திலும், அதற்கப்புறமும், ரத்தம் ஏறவில்லை என்று திரும்பத் திரும்ப இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, அப்பாவிடமிருந்து சிக்கில், அம்மாவிடமிருந்து தலசீமியா. பையனுக்கு வந்திருப்பது சிக்கில்–பீட்டா தலசீமியா. அம்மா கொடுத்த மரபணு சாதாரண ஹீமோகுளோபினைக் கிட்டத்தட்ட தயாரிப்பதே இல்லை. அதனால் நோயின் கடுமை இரண்டு சிக்கில் மரபணு இருப்பது போலவேதான்.

அம்மா பழங்குடி இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். "இது அவங்க ஆளுங்களுக்கு வர்ற நோய்தானே, எங்க பக்கம் எப்படி?" என்று அவருடைய அண்ணன் கேட்டார். தலசீமியா மரபணு இந்தியாவிலும் இலங்கையிலும் எந்தச் சமூகத்திலும் இருக்கலாம். சிக்கிலை மட்டும் தேடி, அதுவும் ஒரு பக்கத்தாரிடம் மட்டும் தேடியதில்தான் இது மறைந்து போயிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது

ஹைட்ராக்ஸியூரியா தினம் 500 மி.கி. ஒரு கேப்சூல். இது எஃப் வகை ஹீமோகுளோபினைக் கூட்டி, நார் சேர்வதைக் குறைக்கும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், அதுவரை வலி வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்தக் கூடாது. வெள்ளையணுவும் தட்டணுவும் இறங்கலாம் என்பதால் முதலில் இரண்டு வாரத்தில், பிறகு மாதா மாதம் ரத்தம் பார்க்க வேண்டும். கூடவே ஃபோலிக் அமிலம், நிமோனியாத் தடுப்பூசி. இரும்பு மாத்திரை யாருக்கும் இனி தானாக வேண்டாம்.

பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தோம்: வகுப்பில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளவும், கேட்டதும் கழிப்பறைக்குப் போகவும் விட வேண்டும், மழையில் நனைந்தால் உடை மாற்ற விட வேண்டும். வீட்டில் லேசான வலிக்குப் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், தண்ணீர். காய்ச்சல் 38.5ஐத் தொட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, திடீரென வெளுத்து இடப்பக்க வயிறு பெருத்தாலோ, கை கால் பலமிழந்தாலோ, பேச்சு குழறினாலோ நேரே மருத்துவமனை. ஆணுறுப்பு விறைத்து இறங்காமல் வலித்தாலும் வர வேண்டும் என்பதைப் பையனிடம் தனியாகச் சொன்னேன். வெட்கப்பட்டு மறைத்துவிடுகிற விஷயம் அது. இந்த நோய்கள் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இருப்பதையும் சொல்லி, சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தோம்.

அக்காவின் கல்யாணம்

பையனுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு அக்கா. முகாமில் அவளுக்குக் கரைசல் கலங்கவில்லை, "நார்மல்" என்று சீட்டு. அத்தை மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவன் சிக்கில் கேரியர் என்பது ஊருக்கே தெரியும். பெண் நார்மல் என்பதால் பிரச்சினை இல்லை என்று நம்பியிருந்தார்கள். எச்.பி.எல்.சி. பார்த்ததில் அவள் அம்மாவைப் போலவே தலசீமியா கேரியர். அப்பா அம்மாவின் ஜோடி அப்படியே அடுத்த தலைமுறையில் திரும்ப அமையவிருந்தது.

பெண்ணிடம்தான் முதலில் சொன்னேன், தனியாக. அறிக்கை அவளுடையது, அத்தை வீட்டுக்குச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதும் அவள் முடிவு. இரண்டு நாள் கழித்து அவளே எல்லோரையும் கூட்டி வந்தாள்.

ஒரு தாளில் வரைந்து காட்டினேன். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலு வழி, நாலுக்கும் சம வாய்ப்பு: எதுவும் இல்லாத பிள்ளை, சிக்கில் கேரியர், தலசீமியா கேரியர், தம்பியைப் போன்ற நோயாளி. அத்தை உடனே, "அப்போ நாலு புள்ள பெத்தா ஒண்ணுக்குத்தான் வரும், அதானே டாக்டர்?" என்றார். எல்லாக் குடும்பமும் இங்கேதான் தடுக்கி விழும். மேசையில் நாலு சீட்டை மடித்துப் போட்டு ஒன்றை எடுக்கச் சொன்னேன், திரும்ப உள்ளே போட்டுக் கலக்கி இன்னொரு தடவை எடுக்கச் சொன்னேன். இரண்டு தடவையும் "நோயாளி" என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் சீட்டு நாலும் உள்ளேதான் இருக்கிறது, போன தடவை வந்ததை அது நினைவில் வைத்திருக்காது என்று அப்போது புரிந்தது.

கல்யாணம் செய்யலாமா கூடாதா என்று நான் சொல்லவில்லை. கேட்டார்கள், அப்போதும் சொல்லவில்லை. இருக்கும் வழிகளைச் சொன்னேன். கல்யாணம் செய்துகொண்டு, கர்ப்பம் தரித்ததும் பதினொன்றாம் வாரத்தையொட்டி நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்துச் சோதிக்கலாம், வேலூர் சி.எம்.சி.யில் அந்த வசதி இருக்கிறது. கருவுக்குச் சின்ன ஆபத்து உண்டு. நோய் இருப்பது தெரிந்தால் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு, சட்டமும் இடம் கொடுக்கிறது. சோதிக்காமலே பெற்று, பிறந்ததும் பரிசோதித்து, முதல் மாதங்களிலிருந்தே பென்சிலின், தடுப்பூசி என்று பார்த்துக்கொள்ளலாம். வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்த்தாலும் அந்த மாப்பிள்ளைக்கும் எச்.பி.எல்.சி. வேண்டும். அவனும் தலசீமியா கேரியராக இருந்தால் நாலில் ஒரு வாய்ப்பு தலசீமியா மேஜருக்கு. அந்தக் குழந்தை ஒன்றிரண்டு வயதுக்குள் வெளுத்து, வாழ்நாள் முழுக்க மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றி, சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் சாப்பிட வேண்டும்.

அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார். மற்றவர்கள் வெளியே போனதும், "நான் கொடுத்ததாலதானே இவனுக்கு?" என்றார். உங்களிடமிருந்து பாதி, அவரிடமிருந்து பாதி, இரண்டு பேரும் தெரிந்து கொடுக்கவில்லை என்றேன். அதை அவருடைய கணவர் முன்னாலும் மறுபடி சொன்னேன். இந்தப் பழி வீட்டில் பெண்ணின் தலையில்தான் போய் விழும், அதை அங்கேயே தடுக்க வேண்டும்.

2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் சிக்கில் நிலையைக் குறித்த அட்டைகள் ஊர் ஊராகக் கொடுக்கப்படுகின்றன. நல்ல வேலை. எங்கள் பகுதியில் அட்டை கொடுக்கும் பணியாளர்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். சிக்கில் இல்லை என்று எழுதும் இடத்தில் "நார்மல்" என்று எழுத வேண்டாம், "சிக்கில் இல்லை, தலசீமியா பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். கணவன் மனைவியில் ஒருவருக்குக் கலங்கினால் மற்றவருக்குக் கரைசலோடு நிறுத்தாமல் ரத்த எண்ணிக்கையும் எச்.பி.எல்.சி.யும் பாருங்கள்.

அக்காவும் அத்தை மகனும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்தார்கள். கர்ப்பத்துக்கு முன்பே இருவரின் மரபணு மாற்றமும் எது என்று கண்டுபிடித்து வைத்தால்தான் பதினொன்றாம் வாரத்தில் சோதனை தாமதமில்லாமல் நடக்கும். அதற்கான ரத்தம் வேலூருக்குப் போயிருக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போன அந்த வாரமே வரச் சொல்லியிருக்கிறோம். அத்தை வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அடுத்த வாரம் ரத்தம் எடுக்கிறோம்.